10க்கு 18 அடி சலூன்: நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரிவது

கேள்வி: "கும்பகோணத்தில் 10க்கு 18 அடி வாடகைக் கடையில் ஜென்ட்ஸ் சலூன் நடத்துகிறேன். மூன்று நாற்காலி, சீலிங்கில் நாலு பேனல் லைட். புதிதாக வந்த ஏசி சலூன்களுக்கு என் வாடிக்கையாளர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங், சுவர் முழுக்க பிவிசி பேனல் என்று இரண்டு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுக்கிறார்கள். கடை என்னுடையது இல்லை. 80 ஆயிரத்துக்குள் கடையை உயர்தரமாகக் காட்ட முடியுமா?"

முடியும். ஆனால் அந்த 80 ஆயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட ஃபால்ஸ் சீலிங்கில் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் இருந்துகொண்டு 18 ஆண்டுகளாகக் கடைகளுக்கு உள்ளமைப்பும் விளக்கு வேலையும் செய்து வருகிறேன். ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வாடிக்கையாளர் நடந்துகொண்டே பார்க்கிறார். சலூனில் மட்டும் அவர் அரை மணி, முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்து, தலையைத் திருப்பவும் வழியில்லாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்ப்பவை இரண்டே இரண்டு. ஒன்று தம்முடைய முகம். மற்றொன்று அந்த முகத்துக்குப் பின்னால் கண்ணாடியில் தெரியும் எதிர்ச்சுவர். மேற்கூரையை அவர் பார்ப்பது சவரத்துக்காகச் சாயும்போது மட்டும்தான், அப்போதும் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்கிறார். இன்று இரவு கடையை மூடிய பிறகு, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, மூன்று நாற்காலிகளிலும் ஐந்தைந்து நிமிடம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். பணம் எங்கே போக வேண்டும் என்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில் பாதி தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதலில் தெரியப்போவது உங்கள் முகத்தில் விழுந்திருக்கும் நிழல். அறையின் நடுவே உச்சியில் இருக்கும் பேனல் விளக்கு, நாற்காலியில் இருப்பவரின் தலைக்குச் சற்றுப் பின்னால் இருந்து கீழ்நோக்கி அடிக்கிறது. உச்சந்தலை பளிச்சென்று இருக்கும். புருவத்துக்குக் கீழே கண்குழி கறுக்கும். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். தாடைக்கு அடியில் இருட்டாக இருக்கும். 40 வயதுக்காரரை இந்த ஒளி 50 வயதுக்காரராகக் காட்டும், முடி சற்றே குறைந்தவரை வழுக்கையாகவே காட்டிவிடும். நல்ல கைப்பக்குவத்துடன் வெட்டிய முடியும் அந்த வெளிச்சத்தில் சாதாரணமாகத் தெரிவதற்குக் காரணம் வெட்டியவர் அல்லர். இன்னொன்றும் உண்டு: தாடியின் கீழ்க்கோட்டை ஒதுக்கும்போது வேலை செய்பவருக்கே அந்த இடம் நிழலில் இருக்கிறது. அவர் குனிந்து குனிந்து பார்ப்பதும், வாடிக்கையாளரின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்புவதும் அதனால்தான்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, ஒளியை மேலிருந்து எடுத்துக் கண்ணாடியின் இரண்டு பக்கங்களுக்கும் கொண்டுவருவது. இதில் எனக்கு ஐயமே இல்லை. நாடக ஒப்பனை அறைகளில் கண்ணாடியைச் சுற்றி பல்புகள் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்: இடமிருந்தும் வலமிருந்தும் சம அளவில் வரும் ஒளி, ஒரு பக்கத்து நிழலை மறு பக்கத்து ஒளியால் அழித்துவிடுகிறது. இப்போது கடைகளில் விற்கும் எல்.இ.டி. கண்ணாடிகளை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அவற்றில் பலவற்றில் விளக்கு கண்ணாடியின் முதுகில் இருக்கிறது. ஒளி சுவரில் பட்டு, கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். புகைப்படத்துக்கு மிக அழகு, முகத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இது நான் அனுபவித்துக் கற்றது. 7 ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடியில் ஒரு சலூனுக்கு நானே அப்படிப்பட்ட மூன்று கண்ணாடிகளைப் பொருத்தினேன். திறப்பு விழாவன்று எல்லோரும் பாராட்டினார்கள், பத்தாம் நாள் உரிமையாளர் கூப்பிட்டு, பழைய குழல்விளக்கையே திரும்ப மாட்டித் தரச் சொன்னார். ஐப்பசி மழையில் அந்தக் கண்ணாடிகளின் தொடு சுவிட்சுகளும் ஈரத்தில் தாமாகவே அணைந்து எரியத் தொடங்கின. செலவில் ஒரு பகுதியை நான்தான் ஏற்றுக்கொண்டேன்.

மயிலாடுதுறையில் உங்கள் கடையின் அளவிலேயே ஒரு கடையைச் சென்ற ஆண்டு மாற்றி அமைத்தோம். அங்கே செய்ததை அளவுகளுடன் சொல்கிறேன். கண்ணாடி என்பது 2½ அடி அகலம், 4 அடி உயரம் கொண்ட சாதாரணக் கண்ணாடிதான், 5 மி.மீ. தடிமன் எடுத்தோம், ஏனெனில் மெல்லிய கண்ணாடி சுவரில் இறுக்கும்போது லேசாக வளைந்து முகத்தைக் கோணலாக்குகிறது. அதன் இரு பக்கமும் கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி, 3½ அடி நீளமுள்ள அலுமினியப் பட்டைச் சட்டத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதனுள் எல்.இ.டி. பட்டையை ஒட்டி, பால்நிற மூடியைப் போட்டோம். சட்டத்தின் கீழ்முனை தரையிலிருந்து 2½ அடியில் தொடங்கி 6 அடியில் முடிகிறது. நாற்காலியில் அமர்ந்தவரின் கண் பெரும்பாலும் 4 அடி உயரத்தை ஒட்டி இருக்கும் என்பதால் முகம் அந்த ஒளிக்கோட்டின் நடுப்பகுதிக்கு நேராக வருகிறது; எழுந்து நின்று பின்பக்கத்தைக் கைக்கண்ணாடியில் பார்க்கும்போதும் ஒளி முகத்தை விட்டுப் போவதில்லை. பால்நிற மூடியைத் தவிர்த்துவிட்டுப் பட்டையை வெறுமனே ஒட்டினால் ஒவ்வொரு புள்ளியும் கண்ணைக் குத்தும், கடைக்கு நெடுஞ்சாலை தாபாவின் தோற்றம் வந்துவிடும். அலுமினியச் சட்டமும் அழகுக்காக மட்டும் இல்லை. எல்.இ.டி. சூட்டில்தான் விரைவில் மங்குகிறது, அந்தச் சூட்டை வெளியேற்றுவது அலுமினியம். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ நேரடியாக ஒட்டிய பட்டைகள் சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டே கோடைகளில் பழுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு ஒளி வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பணியிட விளக்குகளுக்கான ஐரோப்பியத் தரநிலை, முடி திருத்தும் இடத்துக்கு 500 லக்ஸ் ஒளியும், நிறம் காட்டும் திறன் 90-க்குக் குறையாத விளக்கும் கேட்கிறது. மேற்சொன்ன சட்டத்தில் மீட்டருக்கு 14 வாட் அளவிலான பட்டையை இட்டால், மூடியில் வீணாகும் ஒளி போக, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் முகத்தில் ஒரு சட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 லக்ஸ் விழும். இரண்டு சட்டங்களும் சேர்ந்தால் தேவையான கணக்கு வந்துவிடுகிறது. கைபேசியில் இறக்கிக்கொள்ளும் லக்ஸ் செயலி துல்லியமானது அன்று, ஆனாலும் இடக்கன்னத்தருகே ஒருமுறை, வலக்கன்னத்தருகே ஒருமுறை பிடித்து ஒப்பிட அது போதும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பதுதான் முக்கியம்.

அந்த 90 என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மூர் மின்சாதனக் கடைகளில் யாரும் கேட்காத கேள்வி அது. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருப்பார்கள். சூரிய ஒளியில் தெரிவதற்கு எவ்வளவு நெருக்கமாக நிறங்கள் தெரிகின்றன என்பதன் அளவு அது, முழு அளவு 100. சாதாரண எல்.இ.டி. விளக்குகள் 70-இலிருந்து 80 வரை. எல்.இ.டி.யின் வெள்ளை ஒளி, நீல ஒளியின் மேல் மஞ்சள் பூச்சைப் போட்டு உண்டாக்கப்படுவது; மலிவான விளக்கில் அடர்சிவப்பு குறைந்துபோகிறது. நம் தோலுக்கு உயிர்ப்பைத் தருவது உள்ளே ஓடும் அந்தச் சிவப்புதான். அது விடுபட்டால் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலவும், கருந்தோல் பச்சையோடியது போலவும் தெரியும். இதில் ஒரு தந்திரமும் உண்டு: சி.ஆர்.ஐ. என்பது எட்டு வெளிர்நிறங்களின் சராசரி மட்டுமே, அடர்சிவப்பு அந்தக் கணக்கில் சேராமல் ஆர்9 என்று தனியாக இருக்கிறது. பட்டை விற்பவரிடம் ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். 50-க்கு மேல் என்றால் நல்லது, பதில் தெரியாமல் விழித்தால் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி வந்து உள்ளங்கையை அதன் முன் நீட்டிப் பாருங்கள். வாசலில் பகல் வெளிச்சத்தில் தெரியும் உள்ளங்கையின் இளஞ்சிவப்பு உள்ளேயும் தெரிந்தால் அந்தப் பட்டையை எடுக்கலாம்.

வெண்மையின் தன்மை எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொழில் செய்பவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நம் ஊர்களில் வெளிச்சம் என்றாலே 6500 கெல்வின் நீலவெள்ளைதான். உங்கள் நான்கு பேனல்களும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் கடைவீதியில் அது தூரத்திலிருந்து தெரியும், சுத்தமான கடை என்ற எண்ணத்தையும் தரும், ஆனால் உள்ளே அமர்ந்தவருக்கு மருத்துவமனையில் இருப்பது போன்ற உணர்வே மிஞ்சும். மறுபக்கம், பெருநகர சலூன்களைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் 3000 கெல்வின் மஞ்சளாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் முகம் அழகாகத் தெரியும், முடிச்சாயம் ஏமாற்றும். வெளியே போனபின் செம்பட்டையாகத் தெரியப்போகும் முடி அந்த ஒளியில் நல்ல பழுப்பாகத் தெரியும். கண்ணாடியருகே 4000 கெல்வின், காத்திருக்கும் இடத்திலும் எதிர்ச்சுவரிலும் 3000 என்பது என் வழக்கம். கண்ணாடிக்கு 5000 வேண்டும் என்று வாதிடுகிற நல்ல கைக்காரர்களும் உண்டு, அவர்கள் சொல்வதைத் தவறென்று சொல்ல மாட்டேன். எதை எடுத்தாலும் ஒரு முகத்தின் மேல் இரண்டு நிற ஒளி விழக் கூடாது என்பது மட்டும் உறுதி. சாயம் போட்டவரைப் பணம் வாங்குவதற்கு முன் ஒருமுறை வாசலுக்கு அழைத்துச் சென்று பகலில் பார்த்துக்கொள்ளும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று நடுக்கம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர்; மலிவான டிரைவரில் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது, கைபேசியில் எடுக்கும் வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். இன்றைக்கு இருபது வயதுப் பையன் முடிவெட்டி முடித்தவுடன் செய்யும் முதல் காரியம் வீடியோ எடுப்பதுதான் என்பதால் இது சின்னக் குறை அன்று. கடையிலேயே விளக்கை எரியவிட்டு ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். பட்டை 24 வோல்ட்டாக இருக்கட்டும், 12 வோல்ட் பட்டை நீளம் கூடக்கூடக் கடைசியில் மங்குகிறது. இரண்டு நாற்காலிக்கு நான்கு சட்டம், மொத்தம் 4.3 மீட்டர், சுமார் 60 வாட் வரும். அதற்கு 60 வாட் டிரைவரை வாங்காமல் 100 வாட் டிரைவரை வாங்கி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

இரண்டு நாற்காலி என்று எழுதியது கைத்தவறு இல்லை. இந்தப் பதிலில் உங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடிய பகுதி இதுதான். 18 அடி நீளத்தில் மூன்று நாற்காலிகளைப் போட்டால் நடுவிலிருந்து நடுவுக்கு 4 அடிதான் கிடைத்திருக்கும், அல்லது காத்திருப்பவர்களின் பெஞ்சு நாற்காலிகளுக்கு எதிரே போயிருக்கும். உங்கள் கடையில் இரண்டுமே நடந்திருக்கலாம். அகலக் கணக்கைப் பாருங்கள்: சாய்வு நாற்காலியைச் சவரத்துக்குச் சாய்த்தால் கண்ணாடிச் சுவரிலிருந்து 6 அடிக்கு மேல் நீள்கிறது, தலைமாட்டில் நிற்பவருக்கு 2½ அடி, பூச்சு போக உள் அகலம் 9½ அடி என்று கொண்டால் எஞ்சுவது ஓர் அடி. அந்த ஓர் அடியில் பெஞ்சு போட்டு ஆள் உட்கார்ந்தால், அவர் முழங்கால் தொழிலாளியின் காலில் இடிக்கும். அதைவிட மோசமானது, நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியில் தம் முகத்துக்குப் பின்னால், பேப்பர் படித்துக்கொண்டும் கைபேசியில் பேசிக்கொண்டும் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் நான்கு பேரை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. எத்தனை லட்சம் செலவழித்தாலும் அந்த ஒரு காட்சி கடையைப் பழைய கடையாகவே வைத்திருக்கும்.

மயிலாடுதுறைக் கடையில் 18 அடியை இப்படிப் பிரித்தோம். வாசலிலிருந்து முதல் 4½ அடி காத்திருக்கும் இடம். பெஞ்சு தெருவுக்கு முதுகு காட்டி இல்லாமல், பக்கச்சுவரை ஒட்டி, மூன்று பேர் உட்காரும் அளவில். அதையடுத்து 10½ அடியில் இரண்டு நாற்காலிகள், நடுவிலிருந்து நடுவுக்கு 5¼ அடி. கடைசி 3 அடியில் தலைகழுவும் தொட்டி, அறையின் அகலவாக்கில். பெஞ்சுக்கும் முதல் நாற்காலிக்கும் இடையே 5 அடி உயரத்தில் மரச்சட்டத்தில் கோரை விரித்த ஒரு தட்டி. கோரைப்பாய் நெய்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அது மலிவாகக் கிடைத்தது. உயரம் 5 அடிக்கு மேல் போனால் அறை துண்டாகிவிடும், 4 அடிக்குக் கீழே போனால் உட்கார்ந்தவர் தலை தெரியும். வரவேற்பு மேசை வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். உரிமையாளர் கல்லாப்பெட்டி இல்லாத கடையா என்று தயங்கினார், சுவரில் மடக்கும் ஒரு பலகையில் சமாதானமானார்.

மூன்றாவது நாற்காலியை எடுத்தால் வருமானம் குறையுமா என்பது உங்கள் கடைக் கணக்கைப் பொறுத்தது. ஒன்றைச் செய்து பாருங்கள்: ஒரு மாதம், மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் நிறைந்திருந்த மணிநேரங்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மயிலாடுதுறைக் கடையில் அது ஞாயிறு காலையும், முகூர்த்த நாளுக்கு முந்தின மாலையும் மட்டும்தான். உங்கள் கடையில் அன்றாடம் மாலை மூன்றும் நிறைகிறது என்றால் நான் சொல்வதைக் கேட்காதீர்கள்; அப்போது பெஞ்சை மட்டும் முன்னே நகர்த்தி, தொட்டியைக் கைவிட்டு, மூன்றையும் 4½ அடி இடைவெளியில் வைப்பதே சரி. ஆனால் அந்தக் கடையை உயர்ந்த கட்டணத்துக்குக் கொண்டுபோவது கடினம்.

இனி அந்த எதிர்ச்சுவர். பெஞ்சு போன பிறகு அது வெறுமையாக நிற்கும், அதுதான் இனி உங்கள் கடையின் முகப்பு. அங்கே தட்டு, காலண்டர், ஹேர் கட் படங்கள், பொருள் அலமாரி எதுவும் வேண்டாம். கண்ணாடிச் சுவரும் முகத்துக்கு அருகே உள்ள பக்கங்களும் வெள்ளையாகவோ மிக வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும். அங்கே பச்சையோ நீலமோ அடித்தால் அந்த நிறம் ஒளியுடன் சேர்ந்து வாடிக்கையாளரின் கன்னத்தில் வந்து விழும். எதிர்ச்சுவர் தள்ளியிருப்பதால் அங்கே அடர்நிறம் தாங்கும். பளபளப்பில்லாத அடர்பச்சையோ, காவியோ அடித்து, மேலிருந்து மூன்று சிறிய 3000 கெல்வின் விளக்குகளைச் சுவரை நோக்கித் திருப்பிவிட்டால், கண்ணாடியில் முகத்துக்குப் பின்னால் அந்த அடர்நிறம் ஆழமாக விலகி நிற்கும். அறை அகலமாகிவிட்டது போல் தோன்றும். எதிரே இன்னொரு பெரிய கண்ணாடி வைத்தால் இடம் இரட்டிப்பாகத் தெரியும் என்பார்கள். இடம் மட்டும் இரட்டிப்பாவதில்லை, தொங்கும் துண்டும் குப்பைக்கூடையும் நாற்காலிகளும் எட்டெட்டாகப் பெருகும். சாமி படத்தைக் கண்ணாடியில் தெரியாத வாசல்பக்க மூலைக்கு மாற்றுங்கள், அதன் சிவப்புச் சீரோ வாட் பல்பையும் சேர்த்து.

இந்தச் சுவரில் பிவிசி பேனல் வேண்டாம் என்று சொல்வதற்கு அழகைவிட வலுவான காரணம் இருக்கிறது. நம் ஆற்றுப் பாசனப் பகுதியில் நிலத்தடி நீர் மேலே இருக்கிறது. கும்பகோணம் கடைத்தெருக்களில் பழைய கட்டடங்கள் பல, சுண்ணாம்புக் காரையில் மெல்லிய செங்கல்லை வைத்துக் கட்டியவை. மழைக்காலத்தில் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடிக்கு ஓதம் ஏறி, கோடையில் உப்பாகப் பூத்து வெளியேறும். அந்தச் சுவரைப் பேனலால் மூடினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உள்ளே பூசணம் பிடித்துக் கடை முழுக்க முடை நாற்றம் வரும். ஏசி போட்டுக் கதவைச் சாத்தும் கடையில் அந்த வாசனையை எந்த வாசனைத் திரவியமும் மறைக்காது. பிளாஸ்டிக் எமல்ஷனும் அப்படியே, பொரிப் பொரியாக உரியும். உங்கள் சுவர் எந்த வகை என்று அறிய, ஓர் அடி உயரத்தில் ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் நாடா ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஓதம் உண்டு. உண்டென்றால் கீழ் 3 அடிக்குச் சுண்ணாம்பில் நிறம் கலந்து அடித்து, ஆண்டுக்கொருமுறை அடிக்கத் தயாராக இருங்கள். அடர்நிறத்தை அதற்கு மேலே தொடங்குங்கள். கண்ணாடியில் தெரிவது மேல்பகுதி மட்டும்தான். முகக்கண்ணாடியின் ஓரங்களுக்கும் அமிலமில்லாத நியூட்ரல் சிலிக்கான் பூசிவிடுங்கள், வெள்ளிப்பூச்சு ஓரத்து ஈரத்திலிருந்துதான் கறுக்கத் தொடங்குகிறது.

தரை பழைய ரெட் ஆக்சைடு தரையாக இருந்தால் அதைத் தோண்டி டைல் போடாதீர்கள். நன்றாகக் கழுவி மெழுகு தேய்த்தால் அந்தச் சிவப்பு, எந்த டைலுக்கும் இல்லாத ஒரு மதிப்பைத் தருகிறது. தண்ணீர் கொட்டும் தொட்டிப் பக்கம் மட்டும் மெழுகைத் தவிர்க்கவும், வழுக்கும்.

மேற்கூரை விளக்குகளை முழுவதும் எடுத்துவிட்டால் தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதற்குக்கூட வெளிச்சம் போதாது. அதனால் நான்கு பேனல்களுக்குப் பதிலாக ஒளியை மேற்கூரைக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் வழியைப் பார்க்கலாம். பழைய கடைகளில் 7 அடி உயரத்தில் ஒரு பக்கச்சுவர் முழுக்கப் பரண் ஓடும். அதன் மேல், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, நான்கடி எல்.இ.டி. குழல்விளக்குகள் மூன்றை மேல்நோக்கி வைத்து, மேற்கூரைக்குத் தூய வெள்ளைச் சுண்ணம் அடித்தால், விளக்கே தெரியாமல் அறை முழுக்க மென்மையான ஒளி பரவும். இவையும் 4000 கெல்வினாகவே இருக்கட்டும். பரண் இல்லையென்றால் கண்ணாடிகளுக்கு மேலே 7 அடியில் 8 அங்குல அகலப் பலகை ஒன்றை நீளவாக்கில் அடித்தால் அதே வேலையைச் செய்யும். மூன்று மாதத்துக்கொருமுறை அங்கே தூசி துடைக்க வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். இன்னொரு சிக்கல் மின்விசிறி. ஒளிக்கும் கூரைக்கும் இடையே றெக்கை சுற்றினால் கூரையெங்கும் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். சீலிங் ஃபேனை இறக்கிவிட்டு, சுவர் விசிறி ஒன்றைக் காத்திருக்கும் இடத்துக்கும் ஒன்றைத் தொழிலாளி நிற்கும் பக்கத்துக்கும் மாட்டுவது ஒரு வழி. வெட்டிய முடி பறக்கிறது என்ற புகார் அதில் வந்தே தீரும், அதற்கு ஏசியைத் தவிர எனக்குத் தீர்வு தெரியவில்லை.

வாடகைக் கடை என்பதால் சுவரைக் கொத்தி ஒயர் பதிக்க வேண்டாம். சுவரின் நிறமே அடித்த கேசிங் பட்டியை, கண்ணாடியின் பக்கவாட்டுச் சட்டங்களுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோங்கள். கடையைக் காலி செய்யும்போது கண்ணாடி, சட்டம், டிரைவர், தட்டி எல்லாம் உங்களுடன் வந்துவிடும். கண்ணாடி விளக்குகளை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுங்கள், மின்சாரம் போன நேரத்தில் பாதி முகச் சவரத்துடன் ஒருவரை உட்காரவைப்பது எந்தக் கடைக்கும் மதிப்பில்லை. ஹேர் டிரையரை அந்த இணைப்பில் சேர்க்காதீர்கள், அது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். தொட்டி அருகே இருக்கும் பிளக்குகளுக்கு மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், ஈரக்கையும் மின்சாரமும் சேரும் இடத்தில் இதற்கான செலவைக் குறைக்க இடமே இல்லை.

மயிலாடுதுறையில் கண்ணாடி, சட்டம், பட்டை, டிரைவர், ஒயரிங் எல்லாம் சேர்த்து 31 ஆயிரம் ஆயிற்று. வண்ணமும் சுண்ணாம்பும் கூலியுடன் 14 ஆயிரம். பெஞ்சு, தட்டி, மடக்குப் பலகை என்று தச்சு வேலை 17 ஆயிரம். தொட்டியும் குழாயும் ஏற்கெனவே இருந்ததால் அவற்றை நகர்த்திய செலவு மட்டும் 6 ஆயிரம். ஆக 68 ஆயிரம். உங்களிடம் தொட்டி இல்லையென்றால் 80 ஆயிரத்தைத் தாண்டிவிடும், அப்போது தட்டியையும் தொட்டியையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். திங்கள் இரவு தொடங்கி, செவ்வாய் விடுமுறையையும் புதன்கிழமையையும் எடுத்துக்கொண்டு வேலையை முடித்தோம். சுண்ணாம்பு காய்வதற்காக மட்டும் வியாழன் மதியம்தான் கடையைத் திறந்தார்கள். முதலில் ஒரு நாற்காலிக்கு மட்டும் இரண்டு சட்டங்களைத் தற்காலிகமாக மாட்டி, மேல் பேனலை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் எந்த நாற்காலிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மிச்சப் பணத்தை எடுங்கள்.